கல்லீரல் காய்ச்சும் விஷம்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களில் பலர் அன்றிரவு வழக்கம்போல வீட்டுக்கு நடந்துதான் போனார்கள். போதை ஏறியது, தூக்கம் வந்தது, படுத்தார்கள். மறுநாள் விடிந்தபோதுதான் தெருவில் முதல் சாவுச் செய்தி. எதனால் செத்தார் என்று தெரியாமலேயே துக்கத்துக்கு வந்தவர்கள் சிலர், அதே சரக்கைத் திரும்பவும் வாங்கிக் குடித்தார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னதும் சேர்ந்துகொண்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வயது என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஆய்வுக்கூட முடிவு வந்தபோது மெத்தனால் என்பது உறுதியானது. இருநூறுக்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டார்கள். 65க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

பாம்புக்கடியோ பூச்சிமருந்தோ என்றால் வீட்டுக்காரர்கள் உடனே அலறியடித்துக்கொண்டு ஓடுவார்கள். விஷச்சாராயத்தில் ஓடுவதற்கு ஒரு காரணமே கண்ணில் படுவதில்லை. குடித்தவர் குடித்தவரைப் போலத்தான் இருக்கிறார். இந்த அமைதியான மணி நேரங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும், போனால் அங்கே என்ன செய்வார்கள், ஏன் ஒருவர் பிழைக்கிறார், பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் ஏன் பிழைக்கவில்லை என்பதெல்லாம் விளங்கும்.

முதலில் மெத்தனால் எப்படிச் சாராயத்துக்குள் வருகிறது என்று பார்த்துவிடலாம். கல்வராயன் மலைப் பக்கம் காலங்காலமாக வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துச் சாராயம் காய்ச்சியிருக்கிறார்கள். அது சட்டவிரோதம், சுத்தமற்றது, உடம்பைக் கெடுப்பது. ஆனால் அப்படிக் காய்ச்சும்போது உண்டாகும் போதைப்பொருள் பெரும்பாலும் எத்தனால். டாஸ்மாக் பாட்டிலில் இருப்பதும் அதுவே. ஊறலில் மெத்தனால் உண்டானாலும் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். ஒரு தெருவையே சாய்க்கும் அளவுக்கு அது வருவதில்லை. கூட்டம் கூட்டமாகச் சாவு விழுகிறது என்றால், தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலை யாரோ கொண்டுவந்து தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்றே பொருள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறைத் தலைமையே அறிவித்தது.

மெத்தனால் பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் ஒட்டும் பிசின் எல்லாவற்றுக்கும் வேண்டிய சரக்கு. பீப்பாய் பீப்பாயாக லாரியில் போகிறது. அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்துவிட்டன. இருந்தும் கணக்கில் வராத பீப்பாய் ஒன்று வழியில் இறங்கினால் போதும். ஊறல் போட வேண்டாம், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், அடுப்புப் புகையைப் பார்த்துப் போலீஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம். தண்ணீர் சேர்த்துப் பாக்கெட்டில் அடைத்துவிடலாம். விற்பவருக்கே அது ‘ஸ்பிரிட்’ என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். நிறம் இல்லை. வாசனை சாராய வாசனைதான். நாக்கிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்லும் வழக்கத்தை நம்பவே கூடாது. எத்தனாலும் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாக எரியும், இரண்டும் கலந்ததும் அப்படியே எரியும். குடிப்பவரிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது.

இனி உடம்புக்குள் போவோம். மெத்தனாலை அப்படியே வைத்துப் பார்த்தால் அது பெரிய விஷம் அல்ல. எத்தனாலைவிடக் குறைவாகவே போதை தரும். அது அப்படியே சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறிவிட்டால் ஒருவரும் சாக மாட்டார்கள். ஆனால் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த ஆல்கஹாலை உடைத்து அனுப்புவது அதன் வேலை. அதற்கென்றே ஒரு நொதி வைத்திருக்கிறது. அந்த நொதி எத்தனாலை உடைத்தால் கடைசியில் வருவது அசிட்டிக் அமிலம். வினிகரில் இருப்பதுதான். உடம்பு அதை எரிபொருளாக்கிக்கொள்ளும். அதே நொதி மெத்தனாலை உடைத்தால் முதலில் பார்மால்டிஹைடு வருகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலின் இருக்கிறதே, அது இந்தப் பார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தது. அது உடம்பில் சில நிமிடம்கூடத் தங்காது. உடனே பார்மிக் அமிலமாக மாறிவிடும். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஊற்றும் அதே அமிலம். குடித்தவரைக் கொல்வதும் குருடாக்குவதும் இந்த அமிலம்தான். பாக்கெட்டில் இல்லாத விஷத்தை, அவருடைய கல்லீரலே இரவெல்லாம் காய்ச்சுகிறது.

பார்மிக் அமிலத்தை உடைத்து வெளியேற்ற உடம்பில் ஒரு வழி உண்டு. அதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் வேண்டும். எலியின் கல்லீரலில் அந்த ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. அதனால் எலிக்கு மெத்தனால் கொடுத்தால் அதற்குக் கண் போவதில்லை. மனிதரிடமும் குரங்கிடமும் அது மெதுவாக நடக்கிறது. அமிலம் உண்டாகும் வேகத்துக்கு வெளியேறும் வேகம் ஈடுகொடுப்பதில்லை.

பார்மிக் அமிலம் செய்யும் கெடுதி இரண்டு. ஒன்று, ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. நம் ரத்தம் மிக லேசான காரத்தன்மை உடையது. அதன் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்க வேண்டும். அதைக் காக்க ரத்தத்தில் பைகார்பனேட் என்னும் காரம் ஓர் அளவுக்கு இருப்பில் இருக்கும். அமிலம் ஊறும்போது அந்த இருப்பு கரைகிறது. அது கரைந்த பிறகு பி.எச். சரியத் தொடங்கும். 7க்குக் கீழே போனவர் பிழைப்பது அரிது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. மூச்சில் வந்த ஆக்சிஜனைச் சேர்த்துச் சத்தை ஆற்றலாக்குவது அங்கேதான். அதன் கடைசிப் படியில் நிற்கும் ஒரு நொதியைப் பார்மிக் அமிலம் போய்ப் பிடித்துக்கொள்கிறது. சயனைடு பிடிப்பதும் அதே இடத்தைத்தான். சயனைடின் பிடி கடுமையானது, சில நிமிடங்களில் ஆளை முடித்துவிடும். பார்மிக் அமிலத்தின் பிடி தளர்வானது, மணிக்கணக்கில் இழுக்கும். நுரையீரலில் காற்று இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, செல்லால்தான் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆற்றல் இல்லாமல் எந்த உறுப்பு முதலில் தவிக்கும்? நிறையச் செலவழிக்கும் உறுப்பு. விழித்திரையும் பார்வை நரம்பும் அப்படிப்பட்டவை. கண்ணின் பின்புறத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேலான மெல்லிய நரம்பிழைகள் கட்டாகச் சேர்ந்து மூளைக்குப் போகின்றன. கண்ணுக்குள் இருக்கும் வரை இந்த இழைகளுக்குக் கொழுப்பு உறை கிடையாது. உறை இல்லாத இடத்தில் செய்தியைக் கடத்த ஆற்றல் அதிகம் வேண்டும். அதனால் அந்தப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக இருக்கின்றன. பார்மிக் அமிலம் அங்கே சேர்ந்ததும் இழைகள் வீங்குகின்றன, செய்தி நின்றுபோகிறது. கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தால் நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் சிவந்து உப்பியிருக்கும். டார்ச் அடித்தால் கருமணி சுருங்காமல் விரிந்தபடியே நிற்கும். அந்தக் கட்டத்தில் உடனே அமிலத்தை அகற்றினால் பார்வை திரும்பக்கூடும். இழைகள் செத்துவிட்டால் சில வாரங்களில் அந்த இடம் வெளுத்துப்போகும். செத்த பார்வை நரம்பை உயிர்ப்பிக்க இதுவரை எந்த வைத்தியமும் இல்லை. கண்ணாடி போட்டோ கண்புரை அறுவை செய்தோ தீரும் கோளாறு அல்ல இது. விழி வெளியிலிருந்து பார்க்க முன்பு போலவே இருக்கும்.

மூளைக்குள் உடல் அசைவுகளை நெறிப்படுத்தும் ஒரு பகுதியும் இதேபோல அடி வாங்கும். அதனால்தான் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிறகு கை நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன.

இப்போது ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனை ஆள்தான், தோராயக் கணக்குதான். அறுபது கிலோ எடை. மாலை ஏழு மணிக்குக் குடிக்கிறார். அவர் குடித்ததில் மொத்தமாக 40 மில்லி எத்தனாலும் 40 மில்லி மெத்தனாலும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு மெத்தனால் உயிரை எடுக்கப் போதும். 10 மில்லியில் கண் போனவர்கள் உண்டு, 30 மில்லியில் செத்தவர்கள் உண்டு, நிறையக் குடித்தும் சீக்கிரம் சிகிச்சை கிடைத்துப் பிழைத்தவர்களும் உண்டு.

எடை போட்டால் இரண்டும் ஆளுக்கு 32 கிராம் அளவு வரும். இரண்டையும் உடைக்கக் கல்லீரலில் இருப்பது ஒரே நொதி. அந்த நொதிக்கு எத்தனாலைத்தான் பிடிக்கும். கூட்டமான டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாக முதலில் துண்டைப் போட்டவர் சீட்டைப் பிடித்துக்கொள்வது போல, எத்தனால் நொதியில் இடம் பிடித்துக்கொள்கிறது. மெத்தனால் நின்றுகொண்டே வருகிறது. மணிக்கு ஏழெட்டு கிராம் என்ற வேகத்தில் எத்தனால் உடைந்து தீர நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை, அதாவது இரவு பதினொரு மணி வரை, மெத்தனால் ஏறக்குறைய மெத்தனாலாகவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளுக்குச் சாதாரணப் போதை. சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

பதினொரு மணிக்குப் பிறகு சீட் காலி. இப்போது கல்லீரல் மணிக்கு மூன்று கிராம் அளவில் மெத்தனாலை உடைக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு மூன்று கிராமும் நாலேகால் கிராம் அளவு பார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதைத் தாங்குகிறது, தாங்குகிறது, விடிகாலை நான்கு ஐந்து மணிக்கெல்லாம் தாங்க முடியாமல் போகிறது. ஆள் எழுந்திருக்கிறார். அடிவயிறு முறுக்குகிறது, வாந்தி, தலைவலி. நேற்றுக் குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் மோர் கலக்கித் தருகிறார்கள். ஆறு மணிக்கு விளக்கைப் போடச் சொல்கிறார், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள உடம்பு எடுக்கும் கடைசி முயற்சி அது. பலர் இதை ஆஸ்துமா என்றும் மாரடைப்பு என்றும் நினைத்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குள் குடித்த மெத்தனாலில் பெரும்பகுதி அமிலமாகிவிட்டிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் நேரம் மாறும். எத்தனால் கலக்காத சரக்கு என்றால் ஆறேழு மணி நேரத்திலேயே தெரியத் தொடங்கலாம். பெரும்பாலும் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை ஆகும். கூடவே நிறைய எத்தனால் குடித்தவருக்கு ஒரு நாளைத் தாண்டியும் தள்ளிப்போகலாம். ஒரே பாக்கெட்டைப் பங்கு போட்டுக் குடித்த மூன்று பேரில் ஒருவர் சாகக் கிடக்கும்போது இன்னொருவர் ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்று நிற்பது இதனால்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதல்ல, இன்னும் ஆகவில்லை என்பதே சரி.

மேலே போட்ட கணக்கிலேயே சிகிச்சையும் இருக்கிறது. அந்த ஆள் இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தால் மருத்துவரின் கையில் 32 கிராம் மெத்தனால் கிட்டத்தட்ட முழுதாக இருக்கும், அமிலமாகாமல். நொதியை அடைத்துவிட்டு மெத்தனாலை வடித்து எடுத்துவிட்டால் ஆள் கண்ணோடு வீடு திரும்புவார். அதிகாலை மூன்று மணிக்கு வந்தால் பன்னிரண்டு கிராம் கைவிட்டுப் போயிருக்கும், இருபது கிராம் மிச்சம். காலை ஒன்பது மணிக்கு வந்தால் நொதியை அடைத்து அதிகப் பயனில்லை. ஏற்கெனவே ஊறிய அமிலத்தோடுதான் போராட வேண்டும்.

நொதியை அடைக்க இரண்டு மருந்துகள் உண்டு. ஃபோமெபிசோல் என்பது இதற்கென்றே உள்ள ஊசி மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு மணிக்கொரு முறை போட்டால் போதும், போதை ஏறாது, கவனிப்பதும் எளிது. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கள்ளக்குறிச்சிச் சாவுகளின்போது இந்த மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று அரசியல் தலைவர்களுக்குள் எழுந்த வாக்குவாதத்தில், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஓமெப்ரசோல் மாத்திரையின் பெயரும் இதனோடு குழம்பியது நினைவிருக்கலாம். இரண்டுக்கும் ஒலியில் உள்ள நெருக்கம் வேலையில் இல்லை. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் கிடக்கும் ஓமெப்ரசோலால் மெத்தனாலை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு மருந்து எத்தனாலேதான். குடித்துவிட்டு வந்தவருக்கு ஆஸ்பத்திரியிலும் ஆல்கஹாலா என்று உறவினர்கள் திகைப்பதுண்டு. பஸ் கணக்குதான் இங்கும். எத்தனாலைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சீட் காலியாகாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் அதை விடாமல் நிறுத்த வேண்டும். குறைந்தால் மெத்தனால் உடையத் தொடங்கும், கூடினால் மூச்சு அடங்கும், சர்க்கரை இறங்கும். அதனால் எடை பார்த்து, மணிக்கு மணி அளந்து, குழாய் வழியாகவோ ரத்த நாளத்திலோ கொடுக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே பிராந்தி வாங்கி ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாந்தி எடுத்து அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். ஏற்கெனவே ஊறிய அமிலத்தை அது தொடவும் தொடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைத் தின்றுவிடும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில். மெத்தனால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்விடுகிறது. வயிற்றைக் கழுவினாலும் கிடைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

நொதியை அடைத்துவிட்டால் புதிய அமிலம் நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் மெத்தனால் தானாக வெளியேற நாட்கணக்கு ஆகும். அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும். டயாலிசிஸ் இங்கேதான் உதவுகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் செய்யும் அதே ரத்தச் சுத்திகரிப்புதான். அது மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். இரண்டு நாளில் பாதியாவது இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகும். இதோடு புளித்த ரத்தத்துக்குப் பைகார்பனேட் ஊசி, அமிலத்தை உடைக்க உதவ ஃபோலிக் அல்லது ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலமும் பைகார்பனேட்டும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கக்கூடிய மலிவான மருந்துகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே அவற்றைத் தொடங்கிவிடலாம், தொடங்கவும் வேண்டும். டயாலிசிஸ் இருக்கும் ஊர் இரண்டு மணி நேரத் தொலைவில் என்றால், ஆம்புலன்ஸில் போகும் அந்த இரண்டு மணி நேரமும் கல்லீரல் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

மருத்துவர்களுக்கும் இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. மெத்தனாலை நேரடியாக அளக்கும் கருவி பெரும்பாலான மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இல்லை. ரத்த மாதிரி தடயவியல் கூடத்துக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருக்க முடியாது. கையில் இருப்பது ரத்த வாயுப் பரிசோதனை. பி.எச். எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று சில நிமிடங்களில் சொல்லும். ஆனால் சீக்கிரம் வந்த நோயாளிக்கு அது சரியாகவே இருக்கும். நம் கணக்கில் வந்த ஆள் இரவு பத்து மணிக்கு வந்து ரத்தம் கொடுத்தால் முடிவில் ஒரு குறையும் தெரியாது, அமிலம் இன்னும் ஊறவே இல்லை. அதைப் பார்த்து ‘நார்மல், வீட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிட்டால் விடிகாலையில் அவர் திரும்பிவருவார். முதல் சோதனை சரியாக இருந்தாலும் படுக்க வைத்து, சில மணிக்கொரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் விஷச்சாராயம் புழங்குகிறது என்ற தகவல் மட்டும் இருந்தால் போதும், முடிவு வருவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். தவறாக எத்தனால் ஏற்றிவிட்டால் ஒரு நாள் போதையோடு போகும். தொடங்காமல் விட்டால் திருத்த முடியாது.

இன்னொரு சறுக்கல், மூச்சு வாங்குபவரை வென்டிலேட்டரில் போடும்போது. அவர் அப்படி வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததுதான் அவருடைய பி.எச்.சை இத்தனை நேரம் தாங்கிப் பிடித்தது. இயந்திரத்தைச் சாதாரண வேகத்தில் வைத்துவிட்டால் சில நிமிடங்களில் ரத்தம் இன்னும் புளித்து இதயம் நின்றுவிடக்கூடும்.

கண்ணுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவது இங்கே பரவலான வழக்கம். அதனால் பயன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று குறைவு. சில நோயாளிகளுக்கு முதல் சில நாட்களில் பார்வை தெளிகிறது, பிறகு சில வாரங்களில் மீண்டும் மங்குகிறது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவரும் கண் மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போய்க் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் தொடக்கம், ஆஸ்பத்திரி வாசலில் உண்மையைச் சொல்வது. கள்ளச்சாராயம் குடித்ததை மறைக்கக் குடும்பத்துக்குக் காரணங்கள் உண்டு. போலீஸ் வரும், விற்றவன் அதே தெருக்காரன், குடித்தவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் சொல்லவே வாய் வராது. வயிற்று வலி, வாந்தி என்று மட்டும் சொன்னால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பாக்கெட் சாராயம் குடித்தார், இத்தனை மணிக்குக் குடித்தார், கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார் என்று மூன்று செய்தி சொன்னால் மருத்துவரின் யோசனையே வேறு திசையில் போகும். விஷம் அருந்திய வழக்கு என்று ஆஸ்பத்திரி காவல்துறைக்குத் தகவல் கொடுக்கத்தான் செய்யும். அது சிகிச்சையை நிறுத்தாது. மிச்சம் இருக்கும் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் கொண்டுபோனால், எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். 108க்குப் போன் செய்யும்போதே மெத்தனால் சந்தேகம் என்று சொல்லிவிட்டால், டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு வண்டியைத் திருப்ப வாய்ப்பு இருக்கிறது.

சொல்ல வேண்டியதில் இன்னொன்று, கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பது. ஒரு பீப்பாயிலிருந்து வந்த சரக்கை ஒருவர் மட்டும் குடித்திருக்க மாட்டார். முதல் நோயாளி வந்து சேரும்போது மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், தூங்கிக்கொண்டிருப்பார்கள், சிலர் அன்று மாலைக்கு ஒரு பாக்கெட்டை மடியில் வைத்திருப்பார்கள். இவர்கள்தான் முழுதாகக் காப்பாற்றக்கூடியவர்கள், மெத்தனால் இன்னும் மெத்தனாலாகவே அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. அவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பி, ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொன்னாலும் கேட்காமல் வண்டியில் ஏற்ற வேண்டிய வேலை, கிராம நிர்வாக அலுவலருக்கும் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. அதற்கு முதல் சாவு நடந்த அன்று காலையிலேயே, இது சாராயத்தால் இருக்கலாம், குடித்தவர்கள் எல்லோரும் உடனே வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல ஒருவருக்கு அதிகாரமும் துணிச்சலும் வேண்டும். ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஆளுக்கு மூன்று கிராம் என்பதே கணக்கு.